வாரிசுப் பட்டியலில் விட்ட பெயர்

தில்லைநாயகிக்கு யாரிடமும் சொல்லாத ஒரு கணக்கு இருந்தது. அவள் கணவன் சபாநாதன் இருபத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநர். அதில் பதினேழு வருடம் பண்ருட்டியிலிருந்து கண்டரக்கோட்டை வழியாகப் போகும் தடம். கண்டரக்கோட்டை நிறுத்தத்தில் அவன் தங்கை அமிர்தவல்லி டீக்கடை வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நாலு நடை, நடைக்கு ஒரு டீ. விடுப்பு நாளையெல்லாம் கழித்தாலும் பதினேழு வருடத்தில் பதினைந்தாயிரம் டீக்குக் குறையாது. அதே பதினேழு வருடத்தில் தன் கையால் அவன் குடித்தது எத்தனை என்று அவள் எண்ணிப் பார்த்ததுண்டு. விடிவதற்குள் டெப்போவுக்குப் போகிறவன், இரவு வந்ததும் படுக்கிறவன். கணக்கு எப்போதும் தங்கை பக்கமே சாய்ந்தது.

சாப்பாட்டுத் தூக்கு மாலையில் திரும்பி வரும். மூடியைத் திறந்தால் காலையில் அவள் வைத்துவிட்ட சாம்பாரின் வாசம் இருக்காது. அமிர்தத்தின் கருவாட்டுக் குழம்பு மணக்கும். அவள் ஒன்றும் கேட்டதில்லை. தூக்கைச் சாம்பல் போட்டு இரண்டு முறை தேய்ப்பாள், அவ்வளவுதான்.

பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் அவள் தரம் பிரிக்கும் பிரிவில் மேற்பார்வை. முழுப்பருப்பு ஒரு தட்டில், அரைப்பருப்பு ஒரு தட்டில், உடைசல் ஒரு தட்டில். முழுப்பருப்புக்குத்தான் விலை. அந்த வேலை செய்து செய்து, எதைப் பார்த்தாலும் முழுசா உடைசலா என்று பார்க்கும் கண் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

சபாநாதன் இறந்து ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தபோது அந்தப் பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் நீட்டிய சிவப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஓய்வூதியம் பற்றியதாக இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தாள். கெட்டியான காகிதம். மேலே கடலூர் வக்கீல் ஒருவரின் பெயர்.

எனது கட்சிக்காரர் திரு. ஜெயசீலன் அவர்களின் அறிவுறுத்தலின் பேரில் தங்களுக்கு அனுப்பும் அறிவிப்பு என்று தொடங்கியது. சபாநாதன் பெயரில் கண்டரக்கோட்டை சாலையில் உள்ள ஐந்து சென்ட் மனையைப் பதினைந்து லட்சத்துக்கு விற்பதாகத் தாங்களும் தங்கள் மகன் இளவழகனும் ஒப்பந்தம் எழுதி, முன்பணமாக மூன்று லட்சம் ரூபாயைக் காசோலையாகப் பெற்றுக்கொண்டீர்கள். சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை, தங்கள் இருவரைத் தவிர வேறு வாரிசுகள் இல்லை என்று அதில் உறுதி கூறியிருக்கிறீர்கள். ஆனால் காலஞ்சென்ற சபாநாதன் இறந்த தேதியில் அவருடைய தாயார் பட்டம்மாள் உயிருடன் இருந்திருக்கிறார். அவரும் முதல் நிலை வாரிசு. வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் இல்லை. ஆகவே மனையின் மீது தங்களுக்குள்ள உரிமை குறைபாடுடையது. இந்த அறிவிப்பு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் முன்பணத்தை வட்டியுடனும் அறிவிப்புச் செலவுடனும் திருப்பித் தர வேண்டும், தவறினால் நீதிமன்றம் செல்வோம்.

பட்டம்மாள் என்ற பெயர் வந்த இடத்திலேயே அவள் கண் நின்றுவிட்டது. முன்பணம் அவளிடம் இல்லை. சபாநாதனின் சிகிச்சைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு டிரைவர் ஒருவர் ஜாமீன் நின்றிருந்தார். ஆள் செத்த பிறகு அந்த டிரைவரின் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியிருந்தது. காசோலை பணமான அன்றே அதைக் கட்டிவிட்டாள். மிச்சம் இருந்தது பதினோராயிரம்.

ஆனால் அவளை அந்தத் தாளில் சுட்டது பணம் அல்ல. செத்த பிறகும் அந்தக் கிழவி அவருக்கும் தனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாளே என்பதுதான்.

சபாநாதன் இறந்த அன்று வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது. தில்லைநாயகி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் அழுது தீர்த்திருந்தாள். அப்போது கண்டரக்கோட்டையிலிருந்து வேனில் பட்டம்மாள் வந்து இறங்கினாள். இறங்கியவள் மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். என் மடியில் கிடந்தவனே, டிக்கெட் கிழிக்கப் போனவனே, எனக்கு முன்னால எறங்கிட்டியே என்று. தெருவே அழுதது. தில்லைநாயகியின் தோளைப் பிடித்திருந்த பெண்கள் அவளை விட்டுவிட்டுக் கிழவியிடம் போனார்கள். பெத்தவளுக்கு வர்ற வலி வேற யாருக்கு வரும் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்குத் தன் கணவனின் சாவும் தன்னுடையதாக இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பதினாறாம் நாள் முடிந்து கிழவி மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, கொடியில் காய்ந்த சபாநாதனின் காக்கிச் சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. தில்லைநாயகியும் தடுக்கவில்லை. வண்டி போன பிறகு அந்தக் கொடியையே அறுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனாள். கணினியில் பெயர்களைத் தட்டிய பெண், மாமியார் இருக்காங்களா, சேர்க்கணுமா என்று கேட்டாள். பட்டம்மாளின் பெயர் நாலு வருடம் முன்பே அமிர்தத்தின் குடும்ப அட்டைக்குப் போய்விட்டிருந்தது. அவங்க எங்க கார்டுல இல்ல, வேணாம் என்றாள் தில்லைநாயகி. விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலரும் அட்டையைத்தான் பார்த்தார். அதில் மூன்று பெயர், ஒன்று இறந்தவர். ஒரே அட்டையில் இருப்பவர்கள்தான் குடும்பம் என்பது ஊர் முழுக்க எல்லோரும் நம்பும் விஷயம், அவரும் நம்பினார். சான்றிதழ் வந்தது. வாரிசுகள்: தில்லைநாயகி, மனைவி. இளவழகன், மகன். அவள் அதைப் பலமுறை எடுத்துப் படித்தாள். அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதத்திலாவது அவர் தனக்கும் தன் பிள்ளைக்கும் மட்டுமானவராக இருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில், ஆவணியில், கிழவியும் போய்ச் சேர்ந்தாள்.

நோட்டீசை எடுத்துக்கொண்டு அவள் வக்கீல் பிரபாவதியிடம் போனாள். உரக்கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். பிரபாவதி படித்துவிட்டு, மாமியாரோட இறப்புச் சான்றை அவங்ககிட்ட யார் கொடுத்தது என்று கேட்டார்.

ஜெயசீலனுக்கு வீட்டுக் கடன் தரும் வங்கியின் வக்கீல், இறந்தவரின் தாய் தந்தை இறப்புச் சான்றுகளைக் கேட்டிருந்தார். மாமனாருடையதோடு மாமியாருடையதையும் சேர்த்துத் தில்லைநாயகியே நகல் எடுத்து ஜெயசீலனிடம் கொடுத்திருந்தாள். செத்துத்தானே போனாங்க என்றுதான் கொடுத்தாள். தேதியை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தாள்.

"தேதிதாம்மா எல்லாம்," என்றார் பிரபாவதி. "உங்க வீட்டுக்காரர் மூச்சு நின்ன அந்த நிமிஷம் யார் யார் உயிரோட இருந்தாங்களோ அவங்களுக்குப் போயிடும். மனைவி, பிள்ளை, பெத்த தாய். மூணு பேருக்கும் சமம்."

"சமமா?"

"ஆமா. ஆளுக்கு மூணுல ஒண்ணு."

இருபத்தேழு வருடமாகத் தில்லைநாயகி மனசுக்குள் நடத்திவந்த வழக்கில் சட்டம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. நீயும் அவளும் ஒன்று.

"அவங்கதான் செத்துட்டாங்களே மேடம். அந்தப் பங்கு திரும்ப எங்களுக்கு வந்துடாதா?"

"உங்க பையனுக்குப் பாதி வரும். செத்துப்போன மகனோட பிள்ளைங்கிற முறையில. மீதிப் பாதி அவங்க மகளுக்கு. மருமகள்ங்கிற முறையில உங்களுக்கு ஒண்ணும் கிடையாது." பிரபாவதி ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். மொத்தத்தை ஆறாகப் பிரித்தால் தில்லைநாயகிக்கு இரண்டு, இளவழகனுக்கு மூன்று, அமிர்தவல்லிக்கு ஒன்று.

மகனுக்கே தன்னைவிட அதிகம் என்பதை அவள் கவனித்தாள். அதைவிட அந்த ஒன்று உறுத்தியது.

வழி இரண்டு என்றார் வக்கீல். பதினைந்து நாளில் மூன்று லட்சத்தையும் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம். அல்லது குறையைச் சரி செய்யலாம். தாசில்தாரிடம் மனு கொடுத்துப் பழைய சான்றை ரத்து செய்து, பட்டம்மாள் பெயரையும் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டும். பட்டம்மாளுக்குத் தனியாக ஒரு வாரிசுச் சான்று. பிறகு கிரயப் பத்திரத்தில் அமிர்தவல்லியும் விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்கிறார் என்று எழுதி வாங்கி வந்தால், பதில் நோட்டீசில் அதைச் சொல்லி இரண்டு மாதம் அவகாசம் கேட்கலாம். ஜெயசீலன் பள்ளிக்கூட வாத்தியார், மனை பிடித்துப் போய்த்தான் வந்தவர், சரியானால் ஒத்துக்கொள்வார்.

"நாத்தனார் கூட எப்படி, பேச்சுவார்த்தை இருக்கா?" என்றார் பிரபாவதி.

இருக்கு என்றாள் தில்லைநாயகி. பொய். பட்டம்மாள் சாவுக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அந்தச் சாவுக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மகள் பெயர் இருந்தது, மருமகன் பெயர் இருந்தது, பேரன் இளவழகன் பெயர் இருந்தது, போய்ச் சேர்ந்த சபாநாதன் பெயர்கூட இருந்தது. தில்லைநாயகி பெயர் இல்லை. அந்தப் போஸ்டர் பண்ருட்டி பேருந்து நிலையச் சுவரில் மழையில் கரைந்து உரியும்வரை ஒரு மாதம் அவள் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனாள்.

அன்று இரவு ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் இளவழகனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் பெரிதாக அதிரவில்லை. அத்தைதானே, நான் ஒரு வார்த்தை சொன்னா போட்டுடும்மா என்றான். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசினேன் என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. அவளோடு அவன் பேசிப் பத்து நாள் ஆகியிருந்தது.

நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நானே போறேன் என்று வைத்துவிட்டாள்.

உண்மையில் அவள் பயந்தது அமிர்தம் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்பதற்கு அல்ல. சரி என்று சொல்லிவிடுவாளோ என்பதற்குத்தான். எங்க அண்ணன் சொத்து எனக்கெதுக்கு, வெச்சுக்குங்க அண்ணி என்று ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு ஆயுள் முழுக்க அவள்தான் பெரியவள். பத்து நாள் தள்ளிப்போட்டாள். பதினோராம் நாள், வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவையும் சம்மதக் கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு, விடுப்புச் சொல்லிவிட்டுக் கண்டரக்கோட்டைக்குப் போனாள். அரசுப் பேருந்தில் ஏறவில்லை. அந்தத் தடத்தில் அவள் ஏறியதே இல்லை. மினி பஸ் பிடித்தாள்.

அமிர்தம் அடுப்புக்கு முன்னால் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் மூன்று பேர். அண்ணியைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்று மறுபடி ஆற்றியது.

"வாங்க அண்ணி. இந்தப் பக்கமெல்லாம் பஸ்ஸு வரும்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தில்லைநாயகி ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். டீ வந்தது. வாய் வைத்தாள். இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை தூக்கலாக, பால் ஆடையோடு. அவருக்கு இஞ்சி பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவர் கேட்டதே இல்லை. பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள் அமிர்தம். சுவரில் மாலை போட்ட இரண்டு படம், தாயும் மகனும் பக்கத்தில் பக்கத்தில். தில்லைநாயகி படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மனை, ஜெயசீலன், நோட்டீஸ், மூன்று லட்சம், ஆறில் ஒன்று. அமிர்தம் முழுக்கக் கேட்டுவிட்டு, எங்க அம்மா பேரை எழுதவே இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

தில்லைநாயகி மனுவை நீட்டினாள். பத்தாவது வரை படித்தவள் அமிர்தம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. என் மாமியார் பட்டம்மாள் அவர்களின் பெயர் எனது அறியாமையால் விடுபட்டுவிட்டது என்ற வரி.

"அறியாமையாலயா அண்ணி?"

"வக்கீல் எழுதினது."

"வக்கீல் எழுதினதைக் கேக்கல. கையெழுத்து இப்பவே போட்டுத் தரேன். காசும் எனக்கு வேணாம். ஆனா நீங்க சொல்லுங்க. தாசில்தார்கிட்ட எப்படி வேணா இருக்கட்டும். எங்கிட்ட சொல்லுங்க."

வெளியே ஒரு பேருந்து வந்து நின்றது. விசில் சத்தம் கேட்டது. இருவருமே திரும்பினார்கள், இருவருமே திரும்பியதை இருவரும் பார்த்தார்கள்.

"வேணும்னுதான் விட்டேன்," என்றாள் தில்லைநாயகி.

அமிர்தம் காத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு கேட்டுது, சேக்கட்டுமான்னு. வேணாம்னேன். சொத்துக்கு இல்ல. சொத்தைப் பத்தி அப்ப நெனப்பே இல்ல. பொழுதுக்கும் அவரு இங்க டீ குடிச்சாரு, இங்க சோறு தின்னாரு. செத்தப்பவும் எல்லாரும் உங்கம்மாளைத்தான் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஒரு காயிதத்துலயாவது அவரு எனக்கு மட்டும்னு இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

சொன்ன பிறகு அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் சொல்லுகிற பேச்சா இது. அமிர்தம் எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"போஸ்டர்ல உங்க பேரை நானுந்தான் வேணும்னு விட்டேன்," என்றாள். "அச்சாபீஸ்காரன் ரெண்டு தரம் கேட்டான், மருமக பேரு இல்லையான்னு."

"தெரியும்."

"இந்த வீட்டுல சாப்பிட்டாலும் அண்ணன் வாயில உங்க பேச்சுதான் அண்ணி. தில்லை முந்திரி ஆபீசுல மேற்பார்வை ஆயிட்டா, தில்லை அந்தக் கலர் பொடவை கட்டினா நல்லாருக்கும். எனக்கு எரியும். எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளு என் பேரைச் சொல்லி யாருகிட்டயும் பேசினதில்ல."

தில்லைநாயகிக்கு அது சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. தன்னைப் பற்றி அவர் பேசிய பேச்சுகள்கூட இவளிடம்தான் இருக்கின்றன, தான் கேட்டதே இல்லை என்று தோன்றியது. இவள் அதைப் பெட்டியில் வைத்திருந்து, வேண்டியபோது ஒன்று எடுத்துத் தருகிறாள்.

"காசு வேணாம்னு மட்டும் சொல்லாத," என்றாள் எழுந்தபடி. "ஆறுல ஒண்ணு உன் பேருக்கு வரணும். ரெண்டரை லட்சம். எனக்குத் தானம் கொடுக்கிற வேலையெல்லாம் வெச்சுக்காத."

"எங்கண்ணன் காசு எனக்கெதுக்கு?"

"அதைத்தான் சொல்லாதன்னேன்."

அமிர்தம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பணத்தைப் பற்றி ஒன்றும் முடிவாகவில்லை.

பதினாலாம் நாள் பிரபாவதி பதில் நோட்டீஸ் அனுப்பினார். சம்மதக் கடிதத்தின் நகல் அதோடு போனது. ஜெயசீலன் தொலைபேசியில் வக்கீலிடம், பணத்தைத் திரும்ப வாங்குவது எனக்கு நோக்கமில்லை, வங்கிக்காரர்கள் சொன்னதால் அனுப்பினேன், டீச்சரம்மாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, அந்த மனைதான் வேண்டுமாம் என்று இழுத்திருக்கிறார். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கால நீட்டிப்பு எழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் இருமுறை விசாரணை. இருமுறையும் நாத்தனாரும் அண்ணியும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதிய சான்றிதழ் வந்தபோது முதல் பெயர் பட்டம்மாள், தாய், இறந்துவிட்டார் என்றிருந்தது. இரண்டாவதுதான் தில்லைநாயகி. வயது வரிசைப்படி என்றார் எழுத்தர். அவள் அதைப் பழைய சான்றிதழின் மேல் வைத்து, இரண்டையும் மடித்துப் பீரோவில் வைத்தாள். பழையதைக் கிழிக்க மனம் வரவில்லை.

பத்திரப்பதிவு அன்றைக்குப் பத்திர எழுத்தரின் அறையில் மறுபடி சண்டை. அமிர்தம் தன் பங்குப் பணத்தை இளவழகன் பெயருக்கே கொடுத்துவிடச் சொன்னாள். தில்லைநாயகி முடியாது என்றாள். அவளுக்குக் கொடுத்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். பத்திர எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாப்பது வருஷமா எழுதுறேன். பங்கு பத்தலன்னு சண்டை போட்டுப் பாத்திருக்கேன். வேணாம்னு சண்டை போடுற குடும்பத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன். யாராவது ஒருத்தர் கெட்டவங்களா இருங்கம்மா, எனக்கு நேரமாவுது."

வங்கி ஏற்கனவே மூவர் பெயருக்கும் தனித்தனியாக வரைவோலை எடுத்து வந்திருந்தது. அதை மாற்ற முடியாது என்று வங்கிக்காரர் சொன்னதும் அமிர்தம் பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தில்லைநாயகிக்கு நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. இனி இவளுக்குத் தான் கடன்பட்டவள் இல்லை.

சார்பதிவாளர் முன்னால் ஒவ்வொருவராகப் போய்க் கைரேகை வைத்து, கேமராவைப் பார்த்தார்கள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று அவர் கேட்டார். வீட்டுக்காரர் என்றாள் தில்லைநாயகி. குரல் நன்றாகத்தான் வந்தது. அடுத்து அப்பா என்றான் இளவழகன். அமிர்தம் அண்ணன் என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் உடைந்து அழுதுவிட்டாள். அறையில் இருந்தவர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். ஜெயசீலனின் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தில்லைநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். பந்தலில் கிழவி அழுத அன்று வலித்த அதே இடத்தில் வலித்தது. பிறகு தன் கைக்குட்டையை எடுத்து, மை ஒட்டியிருந்த அமிர்தத்தின் கட்டைவிரலைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

இளவழகன் ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பிவிட்டான். பேருந்து நிலையத்தில் கண்டரக்கோட்டை வண்டி நின்றது. படியில் நின்ற நடத்துநர் அமிர்தத்தைப் பார்த்ததும், "என்னாம்மா, கடையை மூடிட்டு எங்க போன? சபா அண்ணன் இருந்த வரைக்கும் இப்படிக் கடை மூடுனதில்லையே," என்றார்.

"இவங்கதான் அவரு சம்சாரம்," என்றாள் அமிர்தம்.

நடத்துநர் தில்லைநாயகியை ஏற இறங்கப் பார்த்தார். பதினாலு வருஷம் கூட வேலை பார்த்தேன், உங்களைப் பார்த்ததே இல்லையேம்மா என்றார். வெறும் ஆச்சரியம்தான் அவர் குரலில்.

வழியனுப்ப வந்த தில்லைநாயகி படியில் கால் வைத்தாள். எங்க போறீங்க அண்ணி என்று அமிர்தம் கேட்டதைக் காதில் வாங்காமல் ஏறினாள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, நடத்துநரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினாள். திரும்பி வருவதற்கு வரும்போது தனியாக வாங்க வேண்டும் என்றார் அவர். இரண்டும் போறதுக்குத்தான், எனக்கொண்ணு இவளுக்கொண்ணு என்றாள்.

ஊரைத் தாண்டியதும் மனை வந்தது. ஐந்து சென்ட், நாலு மூலைக்கும் ஜெயசீலன் நட்ட புதுக் கல், சுண்ணாம்பு அடித்திருந்தது. அமிர்தம் எட்டிப் பார்த்தாள்.

"இந்த எடத்தை வாங்கின புதுசுல அண்ணன் படியில நின்னுக்கிட்டே காட்டும். கடைசி டிரிப்ல இங்க வந்ததும்..."

"சொல்லாத," என்றாள் தில்லைநாயகி.

அமிர்தம் நிறுத்திவிட்டாள். ஆற்றுப் பாலம் வந்தது. மணல் வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தில்லைநாயகி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

"கடைசி டிரிப்ல," என்றாள் பிறகு. "ம். சொல்லு."